குமிழிக்குள் புகை: ஹூக்காவின் தண்ணீர் எதைப் பிடிக்கிறது, எதை விடுகிறது

ஹூக்காவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் வந்துவிடும். "சிகரெட் மாதிரி இல்லை, இது தண்ணீர் வழியாகத்தான் வருகிறது." சொல்பவர்கள் மடையர்கள் அல்ல. தண்ணீர் கழுவும், அழுக்கை எடுக்கும் என்பது நாம் எல்லோரும் அன்றாடம் பார்க்கிற உண்மை. அக்பரின் அவையில் இருந்த மருத்துவர் அபுல் ஃபத் கிலானி, புகையைத் தண்ணீர் வழியே விட்டால் கெடுதல் குறையும் என்று யோசனை சொன்னதாக ஒரு வரலாறு வெகுகாலமாகச் சொல்லப்படுகிறது. நானூறு வருடங்களாகப் புழங்கும் நம்பிக்கையை "தப்பு" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டுப் போவதில் எனக்கு விருப்பமில்லை. தண்ணீருக்குள் அந்த ஒரு நொடியில் என்ன நடக்கிறது என்று நிதானமாகப் பார்த்தால் விஷயம் தானே விளங்கும்.

முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம். மேலே களிமண்ணால் ஆன ஒரு சின்னக் கிண்ணம். அதில்தான் புகையிலை இருக்கும். வெறும் காய்ந்த புகையிலை இல்லை. வெல்லப்பாகு, கிளிசரின், பழ வாசனை எல்லாம் சேர்த்துப் பிசைந்த ஈரமான கலவை. கிண்ணத்தின் வாயை அலுமினியத் தாளால் மூடி, அதில் ஊசியால் துளைகள் போட்டு, அதன் மேல் எரியும் கரித்துண்டுகளை வைக்கிறார்கள். கிண்ணத்தின் அடியிலிருந்து ஒரு தண்டு நேராகக் கீழே இறங்கி, கண்ணாடிக் குடுவையில் இருக்கும் தண்ணீருக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் முடிகிறது. தண்ணீருக்கு மேலே இருக்கும் காலி இடத்திலிருந்து ஒரு குழாய் வெளியே வருகிறது. அதை வாயில் வைத்து இழுத்தால் குடுவைக்குள் அழுத்தம் குறையும். உடனே வெளிக்காற்று கரியைத் தொட்டுக்கொண்டு, தாளின் துளை வழியே புகையிலைக்குள் நுழைந்து, தண்டு வழியாக இறங்கி, தண்ணீருக்குள் குமிழியாகப் புறப்படும். அந்தக் களகள சத்தம் அதுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, உள்ளே வரும் காற்று முதலில் தொடுவது எரியும் கரியை. புகையிலையைத் தொடுவது அதற்குப் பிறகுதான். சிகரெட்டில் புகையிலையே எரிகிறது. அதன் நுனி 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். ஹூக்காவில் புகையிலை அவ்வளவு சூடாவதில்லை. கரியை ஒட்டிய பகுதிகூட 450 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். அதனால் புகையிலை பெரும்பாலும் எரிவதில்லை. வெந்து, வறுபட்டு, ஆவியாகிறது. "எரியவே இல்லையே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. எரிவது ஒன்று இருக்கிறது, கரி. அந்தக் கரியிலிருந்து வரும் எல்லாமும் அதே இழுப்பில் நெஞ்சுக்குள் போகிறது. கரிக்குப் பதிலாக மின்சூட்டை வைத்து 2008-ல் ஒப்பிட்டுப் பார்த்த ஒரு சோதனையில், ஹூக்கா புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடில் ஏறக்குறைய 90% கரியிலிருந்தே வருகிறது என்று தெரிந்தது. புற்றுநோயோடு தொடர்புள்ள பென்சோபைரீன் போன்ற கனமான வளையச் சேர்மங்களிலும் பெரும்பங்கு கரியின் வேலைதான்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

புகை என்று நாம் சொல்வது ஒரே பொருள் அல்ல. அதில் வாயுக்கள் இருக்கின்றன. அந்த வாயுக்களில் மிதக்கும் மிக நுண்ணிய திரவத் துளிகளும் இருக்கின்றன. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவது இந்தத் துளிகள்தான். கிளிசரின், தார், நிகோடின் எல்லாம் அவற்றுக்குள் கலந்திருக்கும். ஒவ்வொரு துளியின் அளவும் பெரும்பாலும் அரை மைக்ரானுக்குக் கீழே. தலைமுடி ஒன்றின் தடிமனில் நூறு துளிகளைத் தாராளமாக வரிசையாக அடுக்கலாம்.

இந்தப் புகை தண்ணீருக்குள் போவது கரைந்து அல்ல, குமிழிகளாக. குமிழியின் சுவர் மட்டும்தான் தண்ணீர். உள்ளே முழுக்கக் காற்றும் புகையும். மழையில் ஓடும் பேருந்தைப் போலத்தான் இது. ஜன்னலோரம் உட்கார்ந்தவர் மேல் நாலு துளி படலாம். நடுவில் நிற்பவர் நனையாமலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். தண்டு தண்ணீருக்குள் 4 செ.மீ. ஆழம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு செ.மீ. அளவுள்ள குமிழி, தண்ணீரில் விநாடிக்கு சுமார் 25 செ.மீ. வேகத்தில் மேலே ஏறும். ஆக அது தண்ணீருக்குள் இருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் ஒரு புகைத்துளி குமிழியின் சுவரைத் தொட்டால்தான் தண்ணீரில் மாட்டும். 0.2 மைக்ரான் அளவுள்ள துளி, காற்றில் தன் போக்கில் தத்தளித்து நகர்ந்தால், இந்த நேரத்தில் போகும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. குமிழியின் மையத்திலிருந்து சுவருக்கு 5 மி.மீ. இருக்கிறது. அதாவது, சுவரை ஒட்டி நிற்கும் மெல்லிய படலத்தில் உள்ள துளிகள் மட்டும் சிக்கும். அந்தப் படலம் குமிழியின் மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட வராது. குமிழிக்குள் காற்று சுழலும், குமிழிகள் உடைந்து சேரும். அதையெல்லாம் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் பிடிபடும்தான். ஆனாலும் பெரும்பங்கு தப்பிவிடும்.

கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் குடுவையைப் பார்த்தாலே போதும். ஒருவர் இழுக்கும்போது தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ள காலி இடம் பால் நிறத்தில் நிறைவதைப் பாருங்கள். இழுத்து முடித்தபிறகும் அந்த வெள்ளை உடனே கலையாமல் தண்ணீருக்கு மேலேயே தங்கி மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். அது தண்ணீரைத் தாண்டி வந்துவிட்ட புகை. தண்ணீர் துளிகளை உண்மையிலேயே வடிகட்டியிருந்தால் அந்த இடம் தெளிந்த கண்ணாடியாக இருந்திருக்கும். குழாயில் வருவது கண்ணுக்குத் தெரியாத காற்றாக இருந்திருக்கும். வாயிலிருந்து அவ்வளவு அடர்த்தியாகப் புகை விடுவதைப் பெருமையாக நினைப்பவர்கள், அந்த அடர்த்தியே தண்ணீர் பிடிக்கவில்லை என்பதற்குச் சாட்சி என்று யோசிப்பதில்லை.

என் அண்ணன் மகன் ஒருமுறை இதற்கு மறுப்புச் சொன்னான். "தண்ணி எப்படி மஞ்சளா மாறுது பாருங்க சித்தப்பா. ஒண்ணும் பிடிக்கலைன்னா அந்தக் கலர் எங்கிருந்து வந்துச்சு?" நியாயமான கேள்வி. தண்ணீர் ஒன்றையுமே பிடிக்கவில்லை என்று சொல்வது பொய். "பிடிக்குதுடா. ஆனா எதைப் பிடிக்குது, எதை விடுதுன்னு பார்க்கணும்ல" என்றேன். தண்ணீரில் நன்றாகக் கரையும் ஆவிகளில் ஒரு பகுதி, பெரிய துளிகள், தண்டில் வழிந்து இறங்கும் பிசுக்கு, இவையெல்லாம் தங்கும். அதில்தான் அந்த நிறமும் வாடையும். தங்கியது கண்ணுக்குத் தெரிகிறது. தாண்டிப் போனது தெரிவதில்லை. மஞ்சள் தண்ணீரைப் பார்த்து எல்லாம் அதில் நின்றுவிட்டது என்று நம்புவது அதனால்தான்.

தாண்டிப் போவதில் மிக மோசமானது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையில் எரிச்சலும் இல்லை. தண்ணீரில் அது கரைவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவாகக் கரையும். எவ்வளவு குறைவு என்று பார்க்க, அளந்து எடுத்த ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம்.

பெய்ரூட்டில் உள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆலன் ஷிஹாதே என்ற பொறியியல் பேராசிரியரும் அவரோடு இருந்தவர்களும், உணவகங்களில் மக்கள் நிஜமாக ஹூக்காவை எப்படி இழுக்கிறார்கள் என்று கருவி வைத்து அளந்தார்கள். பிறகு அதே மாதிரி இழுக்கும் ஓர் இயந்திரத்தைச் செய்தார்கள். ஓர் இழுப்பு 2.6 விநாடி, அதில் அரை லிட்டருக்குச் சற்று அதிகமான புகை. 17 விநாடி இடைவெளி. மொத்தம் 171 இழுப்புகள். ஏறக்குறைய ஒரு மணி நேரம். கூட்டினால் 90 லிட்டர் புகை. 10 கிராம் புகையிலைக் கலவையை வைத்து 2005-ல் அவர்கள் வெளியிட்ட அளவுகள்: நிகோடின் 2.94 மி.கி., தார் 802 மி.கி., கார்பன் மோனாக்சைடு 145 மி.கி. இவை தண்ணீரைத் தாண்டி, குழாயின் வாய்ப்பக்கம் வந்து சேர்ந்தவை என்பதை மறந்துவிடக் கூடாது.

90 லிட்டரில் 145 மி.கி. என்றால், புகையில் கார்பன் மோனாக்சைடு சுமார் 0.14%. இந்த அடர்த்தியில், சாதாரண அறை வெப்பநிலையில், ஒரு லிட்டர் தண்ணீர் எவ்வளவு நேரம் கொடுத்தாலும் 0.04 மி.கி. அளவுக்குத்தான் இதைக் கரைத்து வைத்துக்கொள்ள முடியும். 145-க்கு எதிரே 0.04. குடுவையில் தண்ணீரை இரட்டிப்பாக்கினாலும், ஐஸ் போட்டாலும், பால் ஊற்றினாலும், தண்டின் நுனியில் குமிழியைச் சிறிதாக்கும் துளைமூடி மாட்டினாலும் இந்த எண் சொல்லிக்கொள்ளும்படி மாறாது. குமிழி சிறிதானால் துளிகள் கொஞ்சம் கூடுதலாகப் பிடிபடலாம். கரையாத வாயுவுக்கு எந்தக் குமிழியும் தடை இல்லை.

நிகோடின் கதைதான் எனக்கு இதில் மிகவும் கவலை தரும் பகுதி. நிகோடின் தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனால் ஹூக்காவில் தண்ணீர் அதில் ஒரு பகுதியை உண்மையிலேயே எடுத்துவிடுகிறது. 2003-ல் ஷிஹாதே வெளியிட்ட முந்தைய சோதனையில், தண்ணீர் இல்லாமல் இயந்திரத்தை ஓட்டியபோது புகையில் நிகோடின் தெளிவாகக் கூடியது. துளிகளுக்குள் அடைபட்டு வரும் நிகோடின் மட்டும் தப்பிப் போகிறது. "அப்போ நல்லதுதானே!" என்று தோன்றும். ஆனால் ஒருவர் எத்தனை இழுப்பு இழுக்கிறார், எவ்வளவு நேரம் உட்காருகிறார் என்பதைத் தீர்மானிப்பதில் நிகோடினுக்குப் பெரிய பங்கு உண்டு. பழகிய உடம்பு தனக்கு வேண்டிய அளவு இரத்தத்தில் ஏறும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீர் நிகோடினைக் கொஞ்சம் குறைத்து, தாரையும் கார்பன் மோனாக்சைடையும் ஏறக்குறைய அப்படியே விட்டால், அதே நிகோடினுக்காக இன்னும் அதிகப் புகையை உள்ளே வாங்க வேண்டியதாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குறிப்பும் இந்தச் சந்தேகத்தை எழுப்பியிருக்கிறது. பாதுகாப்பு என்று நினைத்து வைத்த தண்ணீரே ஆளைக் கூடுதலாக இழுக்க வைக்கலாம்.

மனித உடம்பில் இது எப்படித் தெரிகிறது என்பதற்கு 2009-ல் தாமஸ் ஐசன்பெர்கும் ஷிஹாதேயும் வெளியிட்ட ஆய்வு நல்ல உதாரணம். 31 பேர். ஒரு நாள் 45 நிமிடம் வரை ஹூக்கா, இன்னொரு நாள் ஒரு சிகரெட். இரத்தத்தில் ஏறிய நிகோடினின் உச்ச அளவு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஹூக்காவில் மில்லிலிட்டருக்கு 10.2 நானோகிராம், சிகரெட்டில் 10.6. ஆனால் அந்த அளவை எட்ட உள்ளே இழுத்த புகை? சிகரெட்டில் 1 லிட்டர். ஹூக்காவில் 48.6 லிட்டர். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்ட பங்கு சிகரெட்டுக்குப் பின் 1.3%, ஹூக்காவுக்குப் பின் 3.9%. தண்ணீர் பிடித்த நிகோடினைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த 48.6 லிட்டரைப் பற்றியும் பேச வேண்டும்.

"ஒரு ஹூக்கா, நூறு சிகரெட்டுக்குச் சமம்" என்று அடிக்கடி படித்திருப்பீர்கள். இதை அப்படியே பரப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த நூறு, உள்ளே போகும் புகையின் கொள்ளளவைக் குறிக்கிறது. ஆளுக்கு ஆள் மாறினாலும், வழக்கமாக ஒரு சிகரெட்டில் அரை லிட்டரைச் சுற்றி, ஒரு நீண்ட ஹூக்கா அமர்வில் 90 லிட்டர். அந்தக் கணக்கில் நூறுக்கு மேலேயே வரும். ஆனால் நிகோடின் அப்படிப் பெருகுவதில்லை. கார்பன் மோனாக்சைடு பத்து மடங்கு அளவில் நிற்கிறது. தார் இன்னும் பல மடங்கு, ஆனால் அதில் கிளிசரினும் நிறைய இருப்பதால் சிகரெட் தாரோடு எடைக்கு எடை ஒப்பிட முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் வேறு வேறு எண். நூறு என்று மிரட்டினால், "நான் நூறு சிகரெட் பிடித்த மாதிரியா இருக்கிறேன்?" என்று ஒரு இளைஞர் சிரித்துவிட்டுப் போவார், உண்மையான எண்களும் அந்தச் சிரிப்போடு போய்விடும்.

அவர் அப்படி உணராததற்கும் தண்ணீர் ஒரு காரணம். தண்டிலும் குடுவையிலும் புகை ஆறுகிறது, குமிழியில் ஈரமாகிறது. சூடான காய்ந்த புகை தொண்டையில் பட்டால் இருமல் வரும். இருமல் உடம்பின் காவல்காரன். இதற்கு மேல் வேண்டாம் என்று நிறுத்தும். ஆறிய, ஈரமான, பழ வாசனையுள்ள புகைக்கு அந்தக் காவல் அவ்வளவு வேகமாக எழாது. அதனால்தான் முதல் நாளே ஒருவரால் அரை லிட்டர் அளவுக்கு ஒரே மூச்சில் இழுக்க முடிகிறது. சிகரெட்டில் முதல் முறை யாரும் அப்படி இழுத்துவிட முடியாது.

பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதையும் நம்பி ஏமாறுகிறார்கள். "தார் 0%" என்று சிலவற்றில் போட்டிருக்கும். பச்சைக் கலவையில் தார் இல்லைதான். சூடாக்கும்போது உருவாவதற்கே தார் என்று பெயர். "புகையிலை இல்லாத மூலிகை ஹூக்கா" என்று விற்பதிலும் நிகோடின் மட்டும்தான் இருக்காது. கரி அதே கரி, பாகு அதே பாகு. புகையிலைக் கலவையையும் மூலிகைக் கலவையையும் அளந்து ஒப்பிட்டவர்கள், நிகோடினைத் தவிர மற்ற நச்சுகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதைத்தான் கண்டார்கள்.

கடைசியாக, இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணமான ஒரு விஷயம். ஹூக்கா இழுத்துக்கொண்டிருக்கும்போது தலை லேசாவது, கிறுகிறுப்பது, நெற்றிப்பொட்டில் வலிப்பது, வயிற்றைப் புரட்டுவது இதையெல்லாம் "கிக்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். நிகோடினாலும் கிறுகிறுக்கும், உண்மைதான். ஆனால் அடைத்த அறையில், பல கரிகளுக்கு நடுவே, மணிக்கணக்கில் உட்கார்ந்தவருக்கு அது கார்பன் மோனாக்சைடு நச்சாகவும் இருக்கலாம். இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். ஹூக்காவுக்குப் பிறகு மயங்கி விழுந்து, 20 சதவீதத்துக்கு மேல் ஹீமோகுளோபின் இப்படிப் பிடிபட்ட நிலையில் அவசரப் பிரிவுக்கு வந்த இளைஞர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. விரல் நுனியில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டரால், ஆக்சிஜன் பிடித்துக்கொண்ட ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்டதையும் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டையும் ஆக்சிஜன் கணக்கிலேயே காட்டும். உடம்பு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது திரையில் 98 என்று இருக்கும். அதைப் பார்த்து "ஒன்றுமில்லை, சாப்பிடாமல் இருந்திருப்பார்" என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு. நோயாளி ஹூக்கா பிடித்தார் என்று யாராவது சொன்னால்தான் மருத்துவருக்குப் பொறி தட்டும். ஆகவே ஹூக்கா இழுக்கும் இடத்தில் ஒருவருக்குத் தலை சுற்றினால், கரியிலிருந்து விலக்கி உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். குழப்பமாகப் பேசினாலோ, மயங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் "ஹூக்கா பிடித்தார், கரிப்புகை" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கார்பாக்சிஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்ட ஹீமோகுளோபின், எவ்வளவு என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை தனியாக இருக்கிறது, கேட்டால் எடுப்பார்கள். வெறும் காற்றைச் சுவாசித்தால் அந்த அளவு பாதியாகக் குறையவே நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். முகமூடி வழியே சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். கர்ப்பிணியாக இருந்தால் இதில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. குழந்தையின் ஹீமோகுளோபின் இந்த வாயுவைத் தாயினுடையதைவிட மெதுவாகத்தான் விடும்.